வேலை இல்லை என்று மெயில் வந்த பிறகு எழுத வேண்டிய ஒன்பது வரி

மதுரையை அடுத்த கப்பலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். "இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை" என்ற மெயிலை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் அதற்குப் பதில் எழுதியவர்கள் ஓரளவு ஞாபகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் பாதிப் பேர் "ஏன் சார்?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்கள்.

போன சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு என் அக்கா மகள் ஓர் இன்டர்வியூவுக்குப் போனாள். பி.காம். முடித்தவள், டேலி படித்தவள், திருமங்கலத்தில் வீடு. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் வேலை. ஒன்பது நாள் கழித்து இல்லை என்று மெயில் வந்தது. "பதில் எழுதினியாம்மா?" என்று கேட்டேன். "வேணாம்னு சொன்னவங்களுக்குப் போய் நன்றி சொல்லணுமா மாமா?" என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவள் எழுதிய முதல் மெயில், பிறகு நாங்கள் திருத்திய மெயில் இரண்டும் இருக்கின்றன. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

இது தெரியாமல் எழுதினால் மெயில் வெறும் மரியாதைக் கடிதமாகப் போய்விடும்.

ஓர் இடத்துக்கு ஆறேழு பேரைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். ஒருவரைத் தேர்வு செய்கிறோம். அவருக்கு அடுத்து ஒருவரோ இருவரோ மனதில் இருப்பார்கள். தேர்வானவர் வேறு கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருந்தால் அங்கே நோட்டீஸ் பீரியட் ஓட்டிவிட்டு வரவேண்டும். ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதற்குள் பழைய கம்பெனி சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று இழுத்து வைத்துக்கொள்ளும். அல்லது கோயம்புத்தூரில் வேறு இடம் கிடைத்துவிடும். சேர வேண்டிய நாளன்று போனை எடுக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்போது அந்த டிபார்ட்மெண்ட் மேனேஜர் வந்து, "அன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சே, திருமங்கலத்துல இருந்து, அது எங்க?" என்று கேட்பார். பெயர் ஞாபகம் இருக்காது. ஹெச்.ஆர். என்ன செய்வார்? மெயிலைத் திறந்து தேடுவார். 'அக்கவுண்ட்ஸ்' என்று அடிப்பார், 'திருமங்கலம்' என்று அடிப்பார். மறுபடி விளம்பரம் கொடுத்து, நூறு ரெஸ்யூமே பார்த்து, மூன்று நாள் இன்டர்வியூ வைப்பதை விட ஏற்கெனவே பார்த்த ஆளைக் கூப்பிடுவது அவருக்கு எவ்வளவோ சுலபம்.

நீங்கள் எழுதும் நன்றி மெயில் அந்தத் தேடலில் கையில் அகப்பட வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதை வைத்துத்தான். வேலை கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. தேடும்போது கிடைப்பீர்கள், அவ்வளவுதான்.

யாருக்கு அனுப்புவது, எப்போது

மெயில் வந்த அன்று இரவு பதினோரு மணிக்கு எழுதாதீர்கள். அந்த நேரத்தில் எழுதுவது நாம் இல்லை, நம் கோபம். மறுநாள் காலை, ஆபீஸ் தொடங்கும் நேரத்தை ஒட்டி அனுப்பினால் போதும். இரண்டு நாள் தாண்ட வேண்டாம். தாண்டிவிட்டால் அனுப்பக் கூடாது என்று இல்லை. ஆனால் அதற்குள் அந்தப் பக்கம் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இரவில்தான் எழுத நேரம் கிடைக்கிறது என்றால் எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் `Schedule send` வழியாகக் காலை ஒன்பதரைக்கு வைத்துவிடலாம். காலையில் எழுந்ததும் இன்னொரு முறை படிக்கவும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

வந்த மெயிலுக்கே `Reply` கொடுங்கள். புது மெயிலாக எழுதாதீர்கள், பொருள் வரியையும் மாற்றாதீர்கள். ஜிமெயிலில் பொருள் வரியை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். அதே இழையில் இருந்தால் உங்கள் விண்ணப்பம், இன்டர்வியூ அழைப்பு, முடிவு, நன்றி எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். திறந்தவருக்கு நீங்கள் யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. `Reply all` கொடுக்குமுன் மட்டும் மேலே யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் தேர்வாகாத எல்லாருக்கும் ஒரே மெயிலில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் தவறுதான். ஆனால் உங்கள் பதில் இன்னும் ஐந்து போட்டியாளர்களுக்குப் போகும்.

இன்டர்வியூ எடுத்தவரின் மெயில் முகவரி தெரிந்தால், அதாவது அவரே கார்டு கொடுத்திருந்தாலோ அழைப்பு மெயிலில் அவர் பெயர் இருந்தாலோ, அவருக்கும் எழுதலாம். இல்லையென்றால் ஹெச்.ஆருக்கு எழுதி, அவரிடமும் நன்றியைச் சொல்லச் சொல்லுங்கள். செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டு மேனேஜரின் சொந்த நம்பரை வாங்குவது, சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாகப் பிடிப்பது, இதெல்லாம் நம் ஊரில் சாதாரணமாக நடக்கும். நம்பர் கிடைத்துவிடும். அவருக்கு எரிச்சலும் வந்துவிடும். அவர் தராத நம்பருக்கு எழுதாதீர்கள்.

பெரிய கம்பெனிகளில் `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து மெயில் வரும். அதற்கு எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். சில சமயம் `Address not found` என்று திரும்பி வரும், பல சமயம் அதுவும் வராது. இன்டர்வியூவுக்குத் தேதி சொன்னது யார் என்று பழைய மெயிலைப் பாருங்கள், அங்கே ஒரு மனிதரின் பெயர் இருக்கும். அந்த மெயிலுக்குப் பதில் கொடுங்கள். கன்சல்டன்சி வழியாகப் போனவர்கள் கன்சல்டன்சிக்காரருக்குத்தான் எழுத வேண்டும். அவரைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கு எழுதினால், அவர் வருமானத்தில் கை வைப்பதாக எடுத்துக்கொள்வார். அடுத்த வேலைக்கு உங்களை அனுப்ப மாட்டார்.

அவள் எழுதிய முதல் மெயில்

அக்கா மகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் காட்டியது இது:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> தாங்கள் அனுப்பிய மெயிலைக் கண்டு மிகுந்த வேதனை அடைந்தேன். என்னிடம் என்ன குறை என்பதைத் தெரிவித்தால் திருத்திக்கொள்வேன். என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, எதிர்காலத்தில் எந்த வேலையாக இருந்தாலும் எனக்குத் தந்து உதவுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்குக் கோபம் வந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனு மாதிரியே இருந்தது. அவள் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குக் கடிதம் என்று சொல்லிக் கொடுத்ததே விடுப்பு விண்ணப்பமும் தெருவிளக்கு வேண்டி எழுதும் மனுவும்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், தாழ்மையுடன். யாரிடமாவது எதையாவது எழுதிக் கேட்க வேண்டும் என்றால் கை தானாக அந்த வழியில் போய்விடுகிறது.

முதலில், 'ஐயா / அம்மா'. மெயில் அனுப்பிய மேடத்தின் பெயர் அடியிலேயே இருந்தது. இவள் இன்டர்வியூவில் நேரில் பார்த்துப் பேசியவர். சாய்ந்த கோடு போட்டு இரண்டையும் எழுதினால், 'நீங்கள் யார் என்று நான் பார்க்கவில்லை' என்றுதான் அர்த்தம். "வணக்கம் மேடம்" போதும். நம் ஊர் ஆபீசில் நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதலாம்.

அடுத்தது 'வேதனை'. வேதனை இருக்கும், இல்லாமல் என்ன? ஆனால் அதைப் படிக்கிறவர் என்ன செய்ய முடியும்? ஆறு பேரில் ஐந்து பேருக்கு இல்லை என்று சொல்வது அவர் வேலை. வேதனை என்று எழுதினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். சங்கடமான மெயிலை யாரும் இரண்டாவது தடவை திறப்பதில்லை. குடும்பச் சூழ்நிலையும் இதே கதைதான். அது உண்மையாகவே இருக்கட்டும், கம்பெனியில் அதை எழுதி வைக்க ஒரு கட்டம் கிடையாது.

'என்ன குறை' என்ற கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நிறையப் பேர் கேட்பது அதுதான். ஹெச்.ஆர். அதற்கு எழுத்தில் பதில் சொல்வது அபூர்வம். ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அது விவாதமாகும் என்ற பயம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. பல சமயம் சொல்லுகிற மாதிரி ஒரு குறையும் இருக்காது. வந்த இன்னொருவருக்கு இரண்டு வருட அனுபவம் இருந்தது, அவ்வளவுதான். நன்றி மெயிலில் இந்தக் கேள்வியை வைத்தால் படிப்பவருக்கு அது பதில் சொல்லியாக வேண்டிய மெயிலாக மாறிவிடும். பதில் சொல்ல முடியாததால் அப்படியே மூடி வைப்பார், நன்றியும் சேர்ந்து போய்விடும். அதனால் இந்த மெயிலில் கேட்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அந்தப் பக்கம் இருந்து நல்ல பதில் வந்தால் பிறகு ஒரே ஒரு குறுகிய கேள்வி கேட்கலாம். "ஜி.எஸ்.டி. பகுதியில் நான் எதை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா மேடம்" என்பது போல. அதற்குப் போனில் பதில் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, 'எந்த வேலையாக இருந்தாலும்'. இதுதான் இந்த மெயிலின் பெரிய ஓட்டை. எதற்கும் தயார் என்றால் பணிவாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் ஹெச்.ஆர். தேடும்போது 'எந்த வேலையும்' என்று அடித்துத் தேட மாட்டார். பில்லிங், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று தேடுவார். அந்தச் சொல் உங்கள் மெயிலில் இல்லையென்றால் நீங்கள் அகப்பட மாட்டீர்கள்.

அப்புறம் இன்னொன்று, அடியில் போன் நம்பர் இல்லை. "ரெஸ்யூமேயிலதான் இருக்கே மாமா" என்றாள். நான்கு மாதம் கழித்து ரெஸ்யூமேயைத் தேடி எடுத்து, திறந்து, நம்பர் பார்ப்பார் என்று ஏன் நம்ப வேண்டும்?

நடுவில் வைக்க ஒரு விஷயம்

நன்றி, பிறகு வாய்ப்பு வந்தால் சொல்லுங்கள். இந்த இரண்டை மட்டும் எழுதினால் மெயில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய மெயிலாக இருக்கும். இடையில், அந்த அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று வேண்டும்.

"இன்டர்வியூவில என்ன கேட்டாங்க?" என்று விசாரித்தேன். முதலில் "எல்லாம் பொதுவாத்தான்" என்றாள். தோண்டிக் கேட்டதும் வந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒரு கணக்குச் சொன்னாராம். சரக்கு வாங்கிய பில் நம் புத்தகத்தில் இருக்கிறது, அதில் 18,000 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டியிருக்கிறோம். ஆனால் அந்த பில், விற்றவர்கள் போடும் ரிட்டனை வைத்து ஜி.எஸ்.டி. தளம் நமக்குக் காட்டும் 2B பட்டியலில் இல்லை. என்ன செய்வாய்? இவள், "2A-வில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்றாள். அவர் சிரித்துவிட்டு விளக்கினாராம். 2A என்பது விற்றவர் தன் ரிட்டனைப் போடப் போட மாறிக்கொண்டே இருக்கும். 2B ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும், விற்றவர் அதற்குப் பிறகு போடுவது அந்த மாதத்து 2B-யில் ஏறாது. நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியை 2B-யில் இருப்பதை வைத்துத்தான் எடுக்க முடியும். அதில் வராத பில்லுக்கு, விற்றவரைக் கூப்பிட்டு ரிட்டனில் ஏற்றச் சொல்ல வேண்டும், ஏறும் வரை காத்திருக்க வேண்டும்.

"அதோட அந்த வேலை போச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பிறகு தானாகவே ஒன்று சொன்னாள். வீட்டுக்குப் போய் மனசு கேட்கவில்லையாம். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரரிடம் கேட்டு, அவருடைய ஒரு மாதக் கொள்முதல் பில்களை எக்செலில் போட்டு, 2B-யோடு ஒத்துப் பார்த்தாளாம். 41 பில்லில் 3 பில் வரவில்லை.

இதைத்தானே எழுத வேண்டும்! தோற்ற கேள்வியைத் திரும்ப எழுதினால் தோல்வியை ஞாபகப்படுத்துவது ஆகாதா என்று அவளுக்குத் தயக்கம். ஆகாது. விளக்கிச் சொன்ன மேனேஜருக்கு, தான் சொன்னதை ஒருத்தி வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தாள் என்று தெரிவதை விடப் பெரிய நன்றி என்ன இருக்கிறது? ஒன்று மட்டும். செய்ததைத்தான் எழுத வேண்டும். கூப்பிட்டால் முதல் கேள்வியே அந்த மூன்று பில்லைப் பற்றித்தான் இருக்கும்.

உங்களுக்கு இப்படி ஒரு கதை இல்லாமல் இருக்கலாம். அப்போது சின்னதாக ஏதாவது ஒன்று போதும். ஷாப்ஃப்ளோரைச் சுற்றிக் காட்டியது, ஒரு மெஷின் பற்றிச் சொன்னது, "டைப்பிங் வேகத்தை ஏத்திக்கிட்டு வாங்க" என்று சொன்னது. எதுவுமே ஞாபகம் இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். "உங்கள் நிறுவனத்தின் பணிச்சூழல் என்னை வெகுவாகக் கவர்ந்தது" என்று எழுதாதீர்கள். இருபது நிமிடம் ரிசப்ஷனில் காத்திருந்துவிட்டு, பத்து நிமிடம் ஓர் அறையில் பேசிவிட்டு வந்தவருக்குப் பணிச்சூழல் எங்கே தெரிந்தது?

அனுப்பிய மெயில்

> `Re: Interview – Accounts Assistant`
>
> வணக்கம் மேடம்,
>
> முடிவைத் தெரிவித்து மெயில் அனுப்பியதற்கு நன்றி. நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கிய உங்களுக்கும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சாருக்கும் என் நன்றி.
>
> 2A, 2B வித்தியாசத்தை சார் விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. அதற்குப் பிறகு தெரிந்த ஒரு கடையின் ஒரு மாதக் கொள்முதல் பில்களை 2B-யோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 41 பில்லில் 3 பில் அதில் வரவில்லை. இதை சாரிடம் சொன்னால் மகிழ்வேன்.
>
> உங்கள் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ், பில்லிங் அல்லது ஸ்டோர்ஸ் கணக்குப் பிரிவில் புதியவர்களுக்கு இடம் வரும்போது என்னையும் கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். திருமங்கலத்தில் இருப்பதால் வந்து போவதில் சிரமம் இல்லை. சொன்ன ஒரு வாரத்தில் சேர முடியும்.
>
> நன்றி.
> (பெயர்), பி.காம்., டேலி
> (போன் நம்பர்)

வணக்கமும் கடைசி நன்றியும் போக, எண்ணிப் பார்த்தால் ஒன்பது வாக்கியம். போனில் திறந்தால் கிட்டத்தட்ட ஒரே திரையில் முடிந்துவிடும். அது முக்கியம், ஏனென்றால் ஹெச்.ஆர். இதைப் பெரும்பாலும் போனில்தான் படிப்பார், அதுவும் டீ குடித்துக்கொண்டே.

'வருத்தம்' என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஏமாற்றமாக இருந்தாலும்" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்த்தால் குற்றமில்லை, சேர்க்காவிட்டால் யாரும் தேடப் போவதில்லை. விட்டுவிட்டோம்.

மூன்றாவது பத்திதான் தேடலில் அகப்படும் இடம். மூன்று பிரிவின் பெயர், ஊர், எத்தனை நாளில் சேர முடியும். 'ஒரு வாரத்தில்' என்பது சாதாரண விஷயமாகத் தெரியலாம். அவசரமாக ஆள் தேவைப்படும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். வேறு வேலையில் இருப்பவர்கள் நோட்டீஸ் எத்தனை நாள் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சம்பளம் பற்றி இங்கே ஒன்றும் வேண்டாம். "குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லை" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு கூப்பிடும்போது அந்த வரியை வைத்தே பேசுவார்கள்.

ரெஸ்யூமேயை மறுபடி இணைக்க வேண்டியதில்லை, அதே இழையில் கீழே இருக்கிறது.

இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்து மெயிலும் ஆங்கிலத்தில் வந்திருந்தால் பதிலும் ஆங்கிலத்தில்தான். வரிசை இதேதான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' மாதிரியான பழைய ஆபீஸ் சரக்கு வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை எடுத்தால் இன்னோர் ஆபத்து உண்டு. ஒரு பையன் எனக்கு அனுப்பிய நன்றி மெயிலில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுதியிருக்கிறான் போல. அவனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அவன் விரும்பிய மாதிரி அல்ல.

அனுப்புமுன் இரண்டைப் பாருங்கள். எதிராளியின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியா, அவர் மெயிலில் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே இருக்கிறதா. அப்புறம் உங்கள் சொந்த மெயில் முகவரி. கல்லூரி முதல் வருடத்தில் நடிகர் பெயரோடு ஆரம்பித்த முகவரியாக இருந்தால் அடுத்த இன்டர்வியூவுக்கு முன் மாற்றிவிடுங்கள். இந்த மெயிலுக்கு மட்டும் அதிலேயே பதில் கொடுங்கள், இல்லையென்றால் யாரென்று தெரியாது. ஜிமெயில் அமைப்பில் `Undo Send` நேரத்தை 30 விநாடிக்கு வைத்துக்கொள்ளலாம். தவறு கண்ணில் படுவது எப்போதும் அனுப்பிய மறுநொடிதான்.

போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால்

கப்பலூரிலும் சரி, ஊருக்குள் இருக்கும் சின்னக் கம்பெனிகளிலும் சரி, பாதி இடத்தில் மெயிலே வராது. போனில், "இப்போதைக்கு ஆள் எடுத்துட்டோம்மா" என்பார்கள். அப்போது நீளமாகப் பேச வேண்டாம். "சரிங்க மேடம், கூப்பிட்டுச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. அடுத்து அக்கவுண்ட்ஸ்ல இடம் வந்தா என்னையும் பாருங்க மேடம்." இவ்வளவு போதும். குரல் தழுதழுக்கும் போல இருந்தால் முதல் வரியோடு நிறுத்திவிடுங்கள். மீதியை அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பேசியதோடு விட்டுவிட்டால் தேடுவதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் எழுதுவதும் இதே மெயில்தான், பாதி நீளத்தில். ஆனால் ஒரே மெசேஜாக அனுப்புங்கள். "வணக்கம் மேடம்" என்று ஒன்று, "நான்தான் அன்னிக்கு வந்தேன்" என்று ஒன்று, "நன்றி" என்று ஒன்று என ஐந்து தடவை அவர் போனை அடிக்க வைக்காதீர்கள். பெயரும், வந்த வேலையின் பெயரும் அதற்குள்ளேயே இருக்கட்டும், உங்கள் நம்பரை அவர் சேமித்து வைத்திருக்க மாட்டார். வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம், அதில் எதையும் தேட முடியாது. நீல டிக் விழுந்து பதில் வரவில்லை என்றால் அதுவே சரி. நன்றிக்குப் பதில் வர வேண்டிய அவசியம் இல்லை. மறுநாளிலிருந்து காலை வணக்கம் படம் அனுப்பத் தொடங்கினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

இன்டர்வியூ முடிந்து எந்தத் தகவலும் வராமல் இருப்பது வேறு கதை. அதற்கு இந்த மெயில் பொருந்தாது. சொன்ன தேதி தாண்டி நாலைந்து நாள் கழித்து, முடிவு தெரிந்ததா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

மறுபடி எப்போது எழுதலாம்

மாதா மாதம் "ஏதாவது இருக்கா மேடம்" வேண்டாம். உங்கள் பக்கம் ஏதாவது மாறியிருந்தால் எழுதலாம். ஒரு சான்றிதழ் முடித்தீர்கள், ஆறு மாத அனுபவம் வந்தது, வீடு மாறி பக்கத்தில் வந்துவிட்டீர்கள். அதே இழையில் இரண்டு வரி போதும். ஒன்றும் மாறவில்லை என்றால் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, அதோடு சரி. அந்தக் கம்பெனி புதிதாக விளம்பரம் கொடுத்தால் முறைப்படி மறுபடி விண்ணப்பித்துவிட்டு, விண்ணப்பித்திருக்கிறேன் என்று இதே இழையில் சொல்லலாம். விளம்பரம் வந்தது தெரிந்தும், நம்மைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்களே என்று சும்மா இருக்காதீர்கள். வைத்திருக்க மாட்டார்கள்.

வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டால் அதை எழுதிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கூப்பிடும்போது சொன்னால் போதும்.

அக்கா மகளுக்கு மறுநாளே அந்த மேடத்திடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. மேனேஜரிடம் சொன்னதாகவும், அந்த மூன்று பில் என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதாகவும். இரண்டு பில்லுக்கு விற்றவர் ரிட்டனே போடவில்லை, ஒன்றில் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாக அடித்திருந்தார் என்று இவள் பதில் எழுதினாள். அதோடு நின்றது. ஜூன் மாதம் சிம்மக்கல் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தாள்.

செப்டம்பர் முதல் வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பில்லிங்கில் இருக்கும் பெண் பிரசவ விடுப்பில் போகிறார், 26 வாரம், அதற்கு ஆள் வேண்டும், வர முடியுமா என்று. செப்டம்பர் 30 வரை ஆடிட் வேலை கழுத்தை நெரிக்கிற நேரம். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அந்த ஆடிட்டரை நடுவில் விட்டுவிட்டுப் போக இவளுக்கு மனசில்லை. போனில் நன்றி சொல்லிவிட்டு, தன்னோடு படித்த ஒரு பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்றதும் அவள் பெயரையும் நம்பரையும் அன்று மாலையே மேடத்துக்கு மெயிலில் அனுப்பினாள். அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போனாள். மே மாதம் தொடங்கிய அதே இழைதான், பொருள் வரியில் இன்னும் `Re: Interview – Accounts Assistant` என்றே இருக்கிறது.